திரைச்சீலை அத்தை

அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் அவளைத் திரைச்சீலை அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டம் வைத்தவள் நாத்தனார்.

அவள் கணவன் வீடியோ கடை வைத்திருந்தான். வீட்டு வீடியோக்களை ஓவியம்போல் மாற்றித் தருவதில் கடைக்கு நல்ல பேர். வரைவதெல்லாம் அவள். ஓடும் படத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேமை நிறுத்தி, அதன்மேலேயே வண்ணம் தீட்டிக் கொடுப்பாள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். யார் எப்படி அசைந்தாலும் அவள் தீட்டிய வண்ணம் கூடவே நகரும். ஆனால் வரைந்த ஃப்ரேம்களில் இல்லாத ஒருவர் நடுவில் நுழைந்தால், அவருக்கென்று வண்ணம் இருக்காது. அக்கம்பக்கத்தில் இருப்பதை எடுத்து அப்பிவிடும்.

மாமனார் மாமியாரின் கல்யாண நாள் விருந்தில் போட ஒரு வீடியோ. எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நடுவில் அவள் டீத்தட்டோடு வந்து, வைத்துவிட்டுப் போகிறாள். அவள் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். விருந்துக்கு அவள் அம்மாவும் வருவதாக இருந்தது.

முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் முடிந்தன.

"நான் வர்ற இடத்துல இன்னொண்ணு வரைஞ்சுடறேன்," என்றாள் கணவனிடம்.

"ரெண்டு போதும். தங்கச்சி ஏதோ மாத்தணும்னாளே, அதைப் பாரு."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "எனக்குத் தாடைக்குக் கீழ மடிப்பு தெரியுது அண்ணி. நிழல் போட்டு மறைச்சுடுங்க. புடவை இன்னும் கொஞ்சம் பளிச்சுனு."

ஒரு ஃப்ரேமில் மாற்றினால் இன்னொன்றிலும் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் போகப் போக நிறம் வேறாகிவிடும். இரண்டிலும் மாற்றினாள். பிறகு மாமியாரின் வளையல். பிறகு மறுபடி தாடை.

"இப்பவாவது என்னை ஒரு தடவை…"

"டீ குடுக்கிறவளை யாரு பார்க்கப் போறா?" என்றபடி கணவன் கம்ப்யூட்டரில் வேலையை ஓட விட்டான்.

சாயங்காலம் பெரிய திரையில் எல்லோரும் ஓவியமாய்ச் சிரித்தார்கள். நாத்தனாருக்கு மடிப்பே இல்லை. அப்போது சோபாவின் பின்னால் தொங்கிய நீலப் பூப்போட்ட திரைச்சீலையிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து வந்ததுபோல ஏதோ நடந்து வந்தது. முகம் இருக்கும் இடத்தில் இரண்டு பூ. குனிந்தது, நிமிர்ந்தது, போயிற்று.

கூடம் வெடித்துச் சிரித்தது.

"பாருங்க, நம்ம வீட்டுத் திரைச்சீலைகூட டீ கொண்டாருது," என்றாள் நாத்தனார்.

"அவ வீட்டிலயும் அப்படித்தான். இருக்கிறதே தெரியாது," என்றாள் மாமியார் மகளின் காதோரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். கணவன் போட்டான்.

அவள் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் மகளின் கையைத் தொட்டாள். "எல்லாரும் இருக்காங்க. நீ எங்கடி போனே?"

"நான்தாம்மா வீடியோ எடுத்தேன்," என்றாள் அவள்.

"அதானே பார்த்தேன்," என்றாள் அம்மா, நிம்மதியாக.