உர்சுலா அடித்து எழுதிய அறிக்கை

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் உர்சுலா அக்கா ஒன்றை எழுதிவிட்டால் அதை யாரும் மறுத்துப் பேச மாட்டோம். அத்தனை பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு எப்படித்தான் ரத்தத்துளிக்குள் கிருமியைப் பிடிக்கிறாரோ என்று கேலி மட்டும் செய்வோம். பதினெட்டு வருடமாக அவர் எந்த அறிக்கையையும் அடித்து எழுதியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

1979இல் ஒரு சனிக்கிழமை, பாசிர் ரிஸ் என்ற கம்பத்துக் கிராமத்திலிருந்து வேலாயுதம் காய்ச்சலோடு வந்தார். எல்லைக்கு அப்பால் பகாங் காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி டிரைவர். நுண்ணோக்கியில் அவர் ரத்தத்தைப் பார்த்தபோது, சிவப்பணுவின் குறுக்கே பட்டை கட்டினாற்போல் கிருமி கிடந்தது. ‘மலேரியே’ என்று கிருமியின் வகைப் பெயரை எழுதினார் அக்கா. மலேரியாவிலேயே அது சாது வகை, மெதுவாகத்தான் பெருகும். கொடுத்த மாத்திரையை வேலாயுதம் அங்கேயே வாந்தியெடுத்தார். டாக்டரான நான் அவசரப்படவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது நான் படித்த முட்டாள்.

ஞாயிறு காலை அவர் மனைவி ரத்தினம்மா வேறு மாத்திரை கேட்டு வந்து, பூட்டிய மருந்தகத்தின் முன் நின்றார். வேலைக்கு வந்த அக்கா அவரைப் பார்த்துவிட்டார்.

“காய்ச்சல் எப்பப்ப வருதும்மா?”

“தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு. நேத்து ரொம்ப மோசம்.”

அக்காவுக்கு இது இடித்தது. மலேரியே என்றால் ஒருநாள் காய்ந்து இரண்டு நாள் விடும்.

“அங்க காட்டுல குரங்கு உண்டா?”

“லாரி மேலயே ஏறி உட்காருமாம்லா.”

டாக்ஸி பிடித்து வேலாயுதத்தை வரவழைத்தார் அக்கா. விரலைக் குத்திப் புதிதாக ரத்தம் எடுத்தார். நேற்று தேடிப் பிடித்த கிருமி இன்று எங்கு பார்த்தாலும் இருந்தது. உடனே எனக்குப் போன் செய்தார்.

“மலேரியேல யாரும் சாகறதில்லக்கா, நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

“அது மலேரியே இல்ல, டாக்டர். நான் தப்பா எழுதிட்டேன். குரங்கு மலேரியான்னு நினைக்கிறேன், நோலெசி. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனா இது இருபத்துநாலு மணிக்கு ஒரு தடவை பெருகும். அவருக்குச் சிறுநீர் கூடக் குறைஞ்சிடுச்சு. வாங்க!”

ஓடினேன். குயினைன் ஏற்றினோம். மூன்றாம் நாள் கிருமி மறைந்தது. பத்தாம் நாள் அவர் நடந்தார். அது நோலெசிதான் என்று உறுதிசெய்ய அன்று எங்களிடம் வழியில்லை.

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. பழைய வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலாயுதம் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அக்கா ரத்தினம்மாவிடம் தாமே போய்ச் சொன்னார்: “முதல்ல தப்பாப் பார்த்தது நான்தாம்மா. மன்னிச்சிடுங்க.”

ரத்தினம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “காய்ச்சல் எப்ப வருதுன்னு நீங்க ஒருத்தர்தானேம்மா என்கிட்ட கேட்டீங்க.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.