பன்னிரண்டுக்கு ஒன்று

தாம்பரம் பக்கம் நான் படித்த மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவப் பேராசிரியரிடம் இருந்தது ஒரே கணக்குதான். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குக் குடல் புற்றுநோய். அதைக் கண்டுபிடிக்கும் மலச் சோதனையின் சென்சிட்டிவிட்டி தொண்ணூறு சதவீதம். அதாவது அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். ஸ்பெசிஃபிசிட்டியும், அதாவது நோயில்லாதவர்களைச் சரியாக விட்டுவிடுவதும், தொண்ணூறுதான்; அதனால் நோயில்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரைச் சும்மாவே பிடிக்கும். ஆக, நூற்றெட்டு பாசிட்டிவில் நிஜம் ஒன்பது.

“பன்னிரண்டுக்கு ஒண்ணு. இதான்யா பிரெடிக்டிவ் வேல்யூ. பாசிட்டிவ்னு வந்து அழறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க, பயம் போயிடும்” என்பார். நாங்களும் பயபக்தியோடு எழுதிக்கொள்வோம்.

ஊழியர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனையில், ஒரு தொந்தரவும் இல்லாத அவருக்கே அந்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்தது. வகுப்பை ரத்து செய்துவிட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அங்கே பயிற்சி போஸ்டிங்கில் இருந்த நான் ஆறுதலாக, “பன்னிரண்டுக்கு ஒண்ணுதானே சார்?” என்றேன்.

“அந்த ஒண்ணு யாருய்யா?” என்று எரிந்து விழுந்தார்.

உள்ளே பார்த்ததில் ஒன்றுமில்லை. அடுத்த வருடம் ஜூனியர்களுக்கும் அதே கணக்கைத்தான் போட்டாராம். விடையும் மாறவில்லை. பயம் போயிடும் என்று மட்டும் சொல்லவில்லையாம்.