பத்தடி மஞ்சளுக்கு மூன்று பொட்டு

எங்கள் காருக்கு அந்த மாதம் வீடு இல்லை. கார் போர்ச்சில் ஏழடிக்குப் பத்தடி கான்வாஸ் துணி படுத்திருந்ததால், அது வெயிலிலும் மழையிலும் தெருவில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோதெல்லாம் என் கணவர், "ஆர்ட் லா அங்கிள், ஆர்ட்," என்று சொல்லிச் சமாளித்தார்.

நான் மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியைவிடச் சின்னப் பாகங்களில் தூசி இருக்கிறதா என்று தேடுகிற வேலை. அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எனக்குப் பெரிதாக எதையாவது செய்ய வேண்டும்போல் இருக்கும். மனிதர், மரம், மலை எதுவும் இல்லாத அரூப ஓவியங்கள் போடுகிறேன். அடிப்பூச்சு பூசாத வெறும் துணியைத் தரையில் விரித்து, சுவருக்கு அடிக்கிற சாயத்தில் தண்ணீர் கலந்து ஊற்றுவேன். எண்ணெய்ச் சாயம் வெறும் துணியை அரித்துவிடும். தண்ணீர்ச் சாயமோ துணிக்குள் இறங்கி, துணியோடு துணியாகிவிடும். பிறகு அழிக்க முடியாது. நாலு பக்கமும் வெறுங்காலோடு சுற்றி வந்து, மழைத் தண்ணீர் தள்ளுகிற ரப்பர் தள்ளுவானால் இழுப்பேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுபது எண்பது வருடங்களுக்கு முன்பே செய்து, அதற்கு அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்று பெரிய பெயரும் வைத்து முடித்துவிட்ட காரியம். என் போர்ச்சுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா என்பதுதான் எனக்கும் என் நண்பனுக்கும் ஓயாத சண்டை. அவனும் நானும் ஒன்றாக ஓவியம் படித்தவர்கள். இப்போது அவன் ஒரு தனியார் கல்லூரியில் கலை வரலாறு சொல்லித் தருகிறான். மலாக்கா டவுனில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சியும் நடத்துகிறான். என் படத்தைத் தொங்கவிட ஒப்புக்கொண்டான். பக்கத்தில் ஒட்ட நாலு வரி விளக்கம் கேட்டான்.

"ஒன்னும் ஒட்டக்கூடாது. தலைப்பும் வேணாம்," என்றேன்.

"அப்புறம் எப்படி ஆளுங்களுக்குத் தெரியும்?"

"படமே சொல்லும்."

"படம் எப்பவும் எதையும் சொல்லாது லா. எத்தன தடவ சொல்றது!"

அவன் கட்சி இதுதான். ஓவியம் என்பது தட்டையான ஒரு பரப்பு, அதன்மேல் சாயம். கதை சொல்வது கதைக்காரன் வேலை, ஆழம் இருப்பதுபோல் ஏமாற்றுவது பழைய ஓவியன் வேலை. அதையெல்லாம் ஒவ்வொன்றாக உதறி, தனக்கே உரியதை மட்டும் வைத்துக்கொண்ட ஓவியம்தான் நல்ல ஓவியம். நடு, ஓரம், முன், பின் என்று இல்லாமல் எல்லா இடமும் சமமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து விமர்சகர்களில் ஒரு சாரார் இப்படித்தான் வாதாடினார்கள். இன்னொரு சாரார், கான்வாஸ் ஒரு களம், அங்கே ஓவியர் இறங்கிச் செய்ததுதான் விஷயம், மிஞ்சியிருப்பது அந்தச் செயலின் தடம் என்றார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டமும் உண்டு. சுவருக்கு ஒட்டுகிற பூத்தாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சும்மா பெரிதாகப் போட்டு மிரட்டுகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. போட்ட ஓவியர்கள் பலருக்கோ, எங்கள் படத்தில் பொருளே இல்லை என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெரிதாகப் போடுவது ஜம்பத்துக்காக இல்லை, நெருக்கத்துக்காக என்பார்கள் அவர்கள். சின்னப் படத்தை வெளியே நின்று பார்க்கிறோம். பெரிய படத்துக்குக் கிட்டே போய் நின்றால் அதற்குள் இருக்கிறோம்.

நான் அந்த ஓவியர்கள் கட்சி. "அந்தப் படத்த போடறப்ப எனக்கு ஒன்னு நடந்துச்சு. அது துணியில இருக்கு," என்றேன்.

"அது ஒன் டைரில இருக்கு. துணியில மஞ்சதான் இருக்கு. விஷயம் தெரியாத ஒரே ஒருத்தருக்காவது அது போய்ச் சேரட்டும், நான் ஒத்துக்கறேன்."

சரி என்றேன். ஆனால் அவனிடம் சொல்லாதது ஒன்று இருந்தது.

என் கணவரின் கழுத்தில் ஒரு கட்டி. கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை நான் அந்தத் துணியில் சாம்பல் நிறத்தை மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தேன், காய்ந்ததும் மறுபடி சாம்பல். என் மாமியாருக்கு இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் தூங்க மாட்டார், சாப்பிட மாட்டார், எங்களையும் விட மாட்டார். கழுத்துக் கட்டியை வேனல் கொப்புளம் என்று சொல்லிவைத்திருந்தோம். விளக்கச் சீட்டு ஒட்டக்கூடாது என்று நான் அடம் பிடித்ததற்குப் பாதிக் காரணம் கலை, மீதிப் பாதி மாமியார்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. என் கணவர் அடுப்படியில் நின்று பேசிவிட்டு, போர்ச் வாசலுக்கு வந்து, "ஒன்னும் இல்லயாம்," என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, வாசக் கேட்ட சாத்துங்க, பூன வந்து மிதிக்கும்." அவ்வளவுதான் வந்தது வாயில். அவர் தோசை வாங்கப் போய்விட்டார். நான் மஞ்சள் வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தேன். துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கினேன், மஞ்சள் ஓடியது. ஓடி ஓடித் தள்ளுவானால் துரத்தினேன். சாம்பலின்மேல் பட்ட இடமெல்லாம் இளம் பச்சையாக ஒரு சாயல் எழும்பியது. தனியாகச் சிரித்தேன். அழுதேனோ என்னவோ, மூக்கிலும் மஞ்சள். அவர் தோசையோடு பின்வாசல் வழியாக வந்தபோது எல்லாம் முடிந்து, நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த மஞ்சள் ஒருத்தருக்கும் போய்ச் சேராவிட்டால், அன்றைக்கு நான் செய்தது போர்ச்சை அழுக்காக்கியது மட்டும்தான். எனக்கு அது தாங்காது. சண்டையில் தோற்பதுகூடப் பரவாயில்லை, இது தாங்காது.

கண்காட்சி அன்று மாமியாரையும் கூட்டிப் போனேன். கணவர் எங்களை இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். மலாக்காவில் விடுமுறை நாளில் கார் நிறுத்துவது ஒரு தனி வாழ்க்கை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய என் படம், பத்தடி உயரமாய் நிமிர வேண்டியது, இன்னும் பக்கவாட்டில் சுவரில் சாய்ந்திருந்தது. நானும் நண்பனும் ஏணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனோம்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மாமியார் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. ஃப்ரிட்ஜுக்கு வைத்திருக்கிறார், மோட்டாருக்கு வைத்திருக்கிறார், ஏர்கண்டிஷனுக்கு நாற்காலி போட்டு ஏறி வைத்திருக்கிறார். நாங்கள் ஏணியோடு திரும்பியபோது, படத்தின் மேல் விளிம்புக்குக் கீழே, சரியாக நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாக மூன்று சந்தனப் பொட்டும் ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமமும் இருந்தன. லாரிக்கு வைக்கிற அளவு. அவர் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சம்பழமும் கொண்டாந்தேம்மா. டயர் இல்லயே, எங்க வைக்கிறது?"

நண்பன் ஏணியைக் கீழே போட்டுவிட்டான். "அத்த! என்னா பண்ணிட்டீங்க! இதுல நடுவே கெடையாது. இப்ப பாருங்க, கண்ணு நேரா பொட்டுக்குத்தான் போவுது. பொட்டு முன்னால வந்துருச்சு, மிச்சமெல்லாம் பின்னால போயிருச்சு. பத்தடியும் போச்சு!"

"பொட்டு வச்சா போவாது தம்பி, நெலைக்கும்," என்றார் மாமியார்.

நனைந்த துணியால் ஒற்றப் பார்த்தான். குங்குமம் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கியது. சாயமும் துணியும் ஒன்றாகிவிடுகிற அழகைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் அவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அடக்கியதில் விக்கல் பிடித்தது. வேறு வழியில்லாமல் படத்தை அப்படியே நிமிர்த்தி மாட்டினோம். மேலே கிடந்த பொட்டுகள் இப்போது வலது ஓரத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக, கண் மட்டத்தில் நின்றன.

முதலில் வந்த அம்மாள் பார்த்தவுடனே, "ஏய், டிராஃபிக் லைட்!" என்றார்.

"மூணும் செவப்பா இருக்கு. ஜாம்தான்," என்றார் அவர் கணவர். "அலோர் காஜா டவுன் லா இது. அந்தச் சாம்பலு ரோடு. மஞ்சளு வெயிலு."

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதுவேதான். ஒருவர் தன் காரையே படத்தில் கண்டுபிடித்தார். நண்பன் வெற்றியோடு என் காதருகே குனிந்தான். "பாத்தியா? ஒரு பொட்டு கெடைச்சா போதும், ஆளுங்க ரோடே போட்டுருவாங்க. அர்த்தம் அவங்க கையில கொண்டாறது. துணியில ஒன்னும் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் உள்ளே ஒன்று வாடிப்போனது. என் மத்தியானம் முழுவதும் போக்குவரத்து நெரிசலாகிவிட்டது.

அப்போது என் கணவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கழுத்துத் தழும்பு தெரியாதபடி காலர் பட்டனைப் போட்டிருந்தார். கூட்டத்தில் பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லை. ஓரமாக நழுவிப் படத்தின் இடது பக்கத்துக்குப் போய், ஒரு கை தூரத்தில் நின்றார். அங்கிருந்து பொட்டு தெரியாது, விளிம்பு தெரியாது. மஞ்சள் மட்டும்தான். அசையாமல் நின்றார்.

பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரித்தார். முதலில் மெல்ல, அப்புறம் வாய்விட்டு. நண்பன் என்னவென்று பார்க்கப் பக்கத்தில் போனான். அவனும் அதே தூரத்தில் நின்று படத்தைப் பார்த்தான். அவன் உதடும் கோணியது, அவனும் சிரித்தான்.

"இது அந்த ஃபோன் வந்த அன்னிக்குப் போட்டதா?" என்று கணவர் திரும்பி என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"எப்படி அண்ணே தெரியும்?" என்றான் நண்பன்.

"தெரியல தம்பி. நெஞ்சு லேசாப் போச்சு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப செல்லாது! நீங்க அங்க இருந்தவரு. விஷயம் தெரிஞ்ச ஆளு."

"சரி, ஒனக்கு ஒன்னும் தெரியாதுல்ல?" என்றேன் நான். "நீ ஏன் சிரிச்ச?"

"அண்ணன் சிரிச்சாரு, நானும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"என்னா ஃபோனு?" என்றார் மாமியார்.

அவர் மகனின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை நீட்டி மகனின் காலர் பட்டனைக் கழற்றினார். கொப்புளத்துக்கு யாரும் தையல் போட மாட்டார்கள்.

"ஒன்னும் இல்லம்மா. டெஸ்ட் பண்ணாங்க, ஒன்னும் இல்லன்னு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாங்க. அன்னிக்குத்தான் இவ இத போட்டா."

மாமியார் மஞ்சளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கைப்பையைத் திறந்து, மீதிச் சந்தனத்தைக் குழைத்து, மகனின் தழும்பின்மேல் ஒரு பொட்டு வைத்தார். அதன் நடுவில் குங்குமம். லாரிக்கு வைக்கிற அதே அளவு. வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

"இப்பவும் சொல்றேன், அது துணியில இல்ல," என்றான் நண்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி லா," என்றேன்.