மதிப்பெண் பட்டியலில் என் பிறந்த தேதி

பத்தாவது தேறினால் சூப்பர்வைசர் ஆக்குவதாக பனியன் கம்பெனியில் சொன்னார்கள். எட்டோடு நின்றவள் நான். முப்பது வயதில் அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போய், தனித்தேர்வராக எழுதித் தேறினேன்.

மதிப்பெண் பட்டியலை ஹெச்ஆர் மேடத்திடம் பெருமையாக நீட்டினேன். அவர் என் பழைய ஃபைலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பதினாலு வயதில் சேர்ந்தபோது ஆள் பிடித்துவிடும் ஏஜென்ட் என் வயதைப் பதினெட்டு என்று எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க, இதுல எந்தத் தேதி நெசம்?"

"மார்க் ஷீட்ல இருக்கறதுங்க."

சின்னப் பிள்ளையை மிஷினில் உட்காரவைத்தது அவர்கள். தப்பு செய்தவள்போல நின்றதென்னவோ நான். மறுவாரம், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று ஃபைல்களைப் பார்க்க, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆடிட் இருந்தது. மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருகிட்டயாச்சும் காட்டுனீங்களா?"