கீழ்ப்படிய மறுத்தார் என்ற ஒரு வரி

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நூற்பாலையில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசராக நான் சேர்ந்து ஒன்பது மாசம் ஆகியிருந்தபோது அந்த ரிப்போர்ட் வந்தது. காலையில் மேசையில் கிடந்தது. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் பிரிவின் சூப்பர்வைசர் கையெழுத்து, ஒரே ஒரு வரி: "மேற்படி தொழிலாளி ஏழாம் நம்பர் மெஷினில் வேலை செய்யச் சொன்னபோது கீழ்ப்படிய மறுத்து, எதிர்த்துப் பேசி, உற்பத்திக்கு இடையூறு செய்தார்." நேரம் இல்லை. என்ன வேலை சொன்னார் என்று இல்லை. அந்த ஆள் திருப்பி என்ன சொன்னார் என்றும் இல்லை.

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. காரணம், அதே ஆளுக்கு நாலு மாசம் முன்னால் நானே ஒரு கடைசி எச்சரிக்கை எழுதியிருந்தேன். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, பக்கத்து லைனுக்குப் போகச் சொன்னார்கள். "மாட்டேன், என்ன செய்றியோ செஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. சாட்சி இரண்டு பேர். அதைச் சுத்தமாக எழுதினேன் என்று எனக்குப் பெருமை வேறு. இப்போது இரண்டாவது தடவை. இதுவும் நிரூபணமானால் உள்விசாரணை, அதற்குப் பிறகு வேலைநீக்கம். நாற்பது வயசு ஆள், பதினாலு வருஷ சர்வீஸ். ரிப்போர்ட்டில் இருந்த வரியை அப்படியே மெமோவில் இறக்கி, மூன்று நாளைக்குள் விளக்கம் தரவும் என்று அனுப்பிவிட்டேன்.

விளக்கம் மூன்று மணி நேரத்தில் வந்தது. "நான் செய்தது தவறு. இனிமேல் இப்படி நடக்காது. இந்த ஒருமுறை மன்னிக்க வேண்டுகிறேன்."

எங்கள் மில்லில் மெமோ வாங்கிய எல்லாரும் இதைத்தான் எழுதுவார்கள். லேட்டாக வந்தவரும் இதே, நூல் கோனைக் கீழே போட்டவரும் இதே. வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் இருக்கிற பாய் சொல்லச் சொல்லத்தான் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதிக்கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்குவார். பழைய டவுனிலிருந்து முப்பது வருஷமாக மில் பஸ்ஸில் வருகிற மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

"பாய், அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை இருக்கு. இப்பத் தப்புன்னு எழுதிக் குடுத்தா ஒத்துக்கிட்டதா ஆயிரும். விசாரணையே வேணாம்னு சொல்லிருவாங்க."

"என்னம்மா சொல்றீங்க. மன்னிப்புக் கேட்டா விட்ருவாங்கன்னுல்ல எழுதச் சொன்னேன். எம்புட்டுப் பேருக்கு எழுதியிருக்கேன், ஒருத்தர் வேலையும் போனதில்லயே."

"அவங்களுக்கெல்லாம் அது முதல் தடவை பாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்துக்கு இன்வர்ட் நம்பர் போட்டாயிற்று, இனிக் கிழிக்க முடியாது. மேனேஜர் ரூமிலிருந்து போன்: "குற்றச்சாட்டு நோட்டீஸ டிராஃப்ட் பண்ணிரும்மா. ஒத்துக்கிட்டாருல்ல, சட்டுன்னு முடிச்சிரலாம்."

டிராஃப்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே ஓடவில்லை. எத்தனை மணிக்கு, யார், என்ன உத்தரவு கொடுத்தார்? அது தெரியாமல் எதை மறுத்தார் என்று எழுதுவது? மில்லின் ஒழுங்கு விதியான நிலையாணையில் இருப்பது சும்மா 'கீழ்ப்படியாமை' இல்லை. சட்டப்படியும் நியாயமாகவும் இருக்கிற உத்தரவுக்கு, வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. படிக்கும்போது இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவள்தான். மெமோ போடும்போது அதில் ஒரு சொல்லைக்கூட நான் யோசிக்கவில்லை.

எழுந்து கார்டிங் டிபார்ட்மென்டுக்குப் போனேன். முதலில் புரொடக்ஷன் போர்டைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் மெஷின் அன்றைக்கு நின்றது ஒன்பது நிமிஷம். அதற்குப் பிறகு ஷிப்ட் முடியும்வரை ஓடியிருக்கிறது, ஓட்டியது அதே ஆள். வேலை செய்ய மறுத்தவர் எப்படி ஷிப்ட் முடியும்வரை ஓட்டினார்?

சூப்பர்வைசரைக் கேட்டேன். அவர் கூச்சப்படாமல் சொன்னார்.

"பஞ்சு அடைச்சிருச்சு மேடம். கதவத் தொறந்து எடுய்யான்னேன். நிக்கட்டும், நின்ன பெறகு எடுக்கேன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. இருக்கிற வேகத்துக்கு அது நிக்க அஞ்சாறு நிமிசம் ஆகும். எனக்கு டார்கெட் யார் குடுக்கிறது?"

"நிக்காம எப்படிண்ணே கதவு தொறக்கும்? அதுல லிமிட் சுவிட்ச் இருக்குமே."

"அது எல்லா மெஷின்லயும் வயர் கட்டி வச்சிருக்கு மேடம். இல்லாட்டி ஓட்ட முடியுமா?"

தன் பக்க நியாயமாக அதைச் சொன்னார். குனிந்து காட்டவும் செய்தார். பீரோ கதவு மாதிரி இருக்கிற அந்தத் தகட்டுக்குப் பின்னால், சுவிட்ச் முனைகளை இணைத்து இரண்டு சாண் சிவப்பு வயர். கார்டிங் மெஷினுக்குள் இருப்பது முழுக்க ஊசிப்பல் போர்த்திய உருளை. கரண்டை நிறுத்தினாலும் அது தன் கனத்தில் நிமிஷக் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்காமல் கதவு திறக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த சுவிட்ச். மனுஷக் கையும் பஞ்சும் அந்த உருளைக்கு ஒன்றுதான்.

"சரிண்ணே, எதிர்த்துப் பேசினாருன்னு எழுதியிருக்கீங்களே, என்ன பேசினாரு?"

"இந்தப் பஞ்சுக்கு இம்புட்டு வேகம் வச்சா அடைக்கத்தான் செய்யும், கொறைங்கன்னாரு. கொறைக்க முடியாதுன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஓட்டுனாரு."

"ஓட்டினாருல்ல?"

"ஓட்டுனாரு."

நோட்டில் தனித்தனியாக எழுதினேன். வேகத்தைப் பற்றிச் சொன்னது கருத்து வேறுபாடு. சொல்லிவிட்டு ஓட்டியிருக்கிறார், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆபத்து என்பதால்தான் கதவைத் திறக்கவில்லை. காரணத்தை அங்கேயே சொல்லியும் இருக்கிறார். நின்றதும் பஞ்சை எடுத்துமிருக்கிறார். இரண்டையும் உருட்டி ஒரே வரியாக்கி, அதன்மேல் நான் சீல் வைத்திருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, இதுதானே நடந்தது என்று கையெழுத்துக் கேட்டேன். "நடந்ததத்தான எழுதியிருக்கீங்க" என்று சாதாரணமாகப் போட்டுக்கொடுத்தார். அந்த வயர் யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இதோடு முடியும் என்று நினைத்தேன். மதியம் கேன்டீனில் அந்த ஆளைப் பிடித்து எதிரே உட்கார்ந்தேன். "அண்ணே, இன்னும் ரெண்டு நாள் டயம் இருக்கு. நடந்தத நடந்தபடி எழுதி இன்னொரு விளக்கம் குடுங்க."

"அதான் எழுதிக் குடுத்துட்டேன்ல மேடம். விடுங்க."

"அத வச்சு உங்கள வேலைய விட்டு அனுப்பிருவாங்கண்ணே."

சோற்றைப் பிசைவது நின்றது. மறுபடி தொடங்கியது. "வயர யாரு கட்டுனான்னு கேப்பீங்க."

"ஆமா, கேப்பேன்."

"கட்டுனது மெஷின் ரிப்பேர் பாக்குற பிட்டரு. எங்க அக்கா வீட்டுக்காரரு. அவரு என்ன ஆசைக்கா கட்டுனாரு, கட்டச் சொன்னாங்க, கட்டுனாரு. எம் பேரக் காப்பாத்த மச்சான மாட்டி விட்டேன்னா அக்கா வாசல்ல நான் எப்படிப் போய் நிப்பேன்?"

எனக்கு மேசையைக் குத்த வேண்டும் போல இருந்தது. ஒரு மனுஷன் கையைக் காப்பாற்றிக்கொண்டதற்காக வேலையை இழக்கப் போகிறார். சொல்ல ஒரு வரி போதும், அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"நீங்க மச்சானப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம். உங்ககிட்ட என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, என்ன செஞ்சீங்க. மூணே மூணு. வயரப் பத்தி நான் எழுதிக்கிறேன். யார் சொல்லிக் கட்டுனதுன்னு சேர்த்துத்தான் எழுதுவேன்."

"பாய்கிட்டச் சொல்லி எழுதவா?"

"பாய்கிட்ட மட்டும் வேணாம்ணே."

முதல் தடவையாகச் சிரித்தார். மறுநாள் காலை நோட்டில் கிழித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பென்சில் எழுத்து. "நிக்கிறதுக்கு முன்னாடி கை வைக்கச் சொன்னாங்க. நின்ன பெறகு வைக்கேன்னு சொன்னேன். நின்ன பெறகு வச்சேன்." நான் படித்த பாடப்புத்தகம் ஒன்றிலும் இம்புட்டுத் தெளிவான விளக்கம் இல்லை.

அந்தத் தாள், சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பக்கம், வயரைப் பற்றி நான் எழுதிய குறிப்பு, எல்லாவற்றையும் மேனேஜர் படித்தார். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது, ஆனால் நான் எதிர்பார்த்த திசையில் இல்லை.

"இது ஃபைல்ல இருக்கக் கூடாதும்மா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பார்த்தா என்ன ஆகும்?"

"அப்ப மெமோ வாங்கினவருக்கு என்ன சார்?"

"மெமோவ வாபஸ் வாங்கிருவோம். பேசித் தீர்த்தாச்சுன்னு ஒரு வரி போடு. வயரெல்லாம் இன்னைக்கே எடுக்கச் சொல்லிர்றேன்."

வயர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லா மெஷினிலும் போய்விட்டது. அதில் குறை சொல்ல முடியாது. வாபஸ் கடிதத்தில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "சுற்றும் பாகம் நிற்கும் முன் கதவைத் திறக்கும்படி சூப்பர்வைசர் தந்த உத்தரவு பாதுகாப்பானதல்ல என்று தெரியவந்ததால்." மேனேஜர் பச்சை மையில் அதை அடித்தார். திரும்ப டைப் செய்து கொண்டுபோனேன். திரும்ப அடித்தார். மூன்றாம் தடவை, "உனக்கு வேற வேல இல்லையா?" என்றார்.

"சார், ஃபைல்ல அவரோட மன்னிப்புக் கடிதம் இருக்கு. தப்புன்னு ஒத்துக்கிட்டவரை ஏன் விட்டீங்கன்னு நாளைக்கு வேற ஒருத்தர் கேட்டா என்ன சொல்றது? அடுத்த தடவை இன்னொருத்தரை அனுப்பும்போது அவரோட வக்கீல் இதத்தான் முதல்ல எடுப்பாரு. காரணம் எழுதாட்டி நாம ஆளப் பாத்து விட்டதாத்தான் தெரியும்."

அந்தப் பயம் அவருக்குப் புரிந்தது. ஊசிப்பல் உருளையைச் சொன்னபோது புரியாதது வக்கீல் என்றதும் புரிந்தது. கையெழுத்துப் போட்டார், போட்டோவை மட்டும் அவருடைய டிராயரில் வைத்துக்கொண்டார். என் போனில் இன்னும் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வாபஸ் கடிதத்தை அந்த ஆளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடி இரண்டு தடவை படித்தார்.

"மச்சான் பேரு இல்ல."

"இல்லண்ணே."

"இம்புட்டுக் காயிதம் எழுதுறதுக்கு முன்னாடியே அந்த வயர அவுத்திருக்கலாம்." பிறகு, "அப்ப போன தடவ எச்சரிக்கை குடுத்தீங்கள்ல, அதுவும் போயிருச்சா?" என்றார்.

"அது போகாதுண்ணே. அன்னைக்கு நீங்க சும்மா மாட்டேன்னு உட்கார்ந்தீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆமா, உட்காந்தேன்" என்று சொல்லிப் பேனாவை வாங்கினார். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதி வழியில் திரும்பிக் கேட்டார்: "இனிமே யாராச்சும் கதவத் தொறன்னு சொன்னா?"

"நின்ன பெறகு தொறக்குறேன்னு சொல்லுங்க. சொன்னத மணி போட்டு எழுதி வச்சுக்குங்க."

"எழுதுறது உங்க வேலதான மேடம்" என்றபடி மெஷின் பக்கம் போனார். அவர் சொன்னது சரிதான். அதற்கு அடுத்த வாரம் சூப்பர்வைசர்களுக்கு நான் அடித்துக்கொடுத்த புதுப் படிவத்தில் 'தொழிலாளி சொன்ன காரணம், அவர் வார்த்தையிலேயே' என்று ஒரு கட்டம் இருந்தது. முதலில் வந்த நாலு படிவத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. நாலையும் திருப்பி அனுப்பினேன்.