கவர் லெட்டரில் ஒரு வரி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது மேற்கோள் பட்டியலை மாற்றும் வேலை. கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ், மேற்கோளில் எழுதியவர் பெயரும் ஆண்டும் கேட்டது. புதிய இதழுக்குக் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண் போட வேண்டும். மாயவன் வாசித்தார், எழில்மதி தட்டினாள்.

"பதினெட்டு எங்கப்பா?"

"அதத்தான் ஆறாக்கிட்டியே. புள்ளியியல் படிச்ச புள்ளக்கி எண்ணத் தெரியல!"

மாயவன் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். விடுமுறை என்றால் வண்டி கல்வராயன் மலைக்குத் திரும்பிவிடும். மலை வீடுகளில் சேமிக்கும் விதைச்சாமை எவ்வளவு காலம் முளைக்கும் என்பதுதான் கட்டுரை. முளைப்புச் சோதனை சக வாத்தியார் ஜெயப்பிரகாஷுடையது, கணக்கு எழில்மதியுடையது. முதல் இதழ் தங்கள் துறைக்குள் வராது என்று திருப்பியபோது மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அவரே இன்னொரு இதழின் விதிகளை அச்சடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே மாரடைப்பு.

காரியம் முடிந்தபின் ஜெயப்பிரகாஷ் வீட்டுக்கு வந்தார். "அந்தப் புது இதழோட சிறப்பிதழுக்கு நாளைக்குக் கடைசி நாள் எழிலு. பழைய கவர் லெட்டர்ல இதழ் பேர மாத்தி அனுப்பிடு. யாரு படிக்கப் போறாங்க?"

"இவங்க லெட்டர்லயே மூணு உறுதி கேக்கறாங்க சார்."

முதலாவது: கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. அது உண்மை, எழுதினாள். இரண்டாவது: இறுதி வடிவத்தை எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கட்டுரைச் சுருக்கத்தைப் புது விதிப்படி தலைப்பிட்டுப் பிரித்தது அப்பா போன பிறகு. அதனால், அது தவிர மற்றதை முதல் ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்டார், பின் காலமானார், இனித் தொடர்புக்கு ஜெயப்பிரகாஷ் என்று எழுதினாள். 'காலமானார்' என்று தட்டிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். வந்தாள். மறுபடி எழுந்தாள்.

மூன்றாவது: கட்டுரையின் நன்றிக் குறிப்பில் பெயர் வருபவர்கள் சம்மதித்திருக்க வேண்டும். பழைய இதழ் இதைக் கேட்கவில்லை. பெயர் ஒன்றே ஒன்று. வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் பெரியம்மாள், தன் வீட்டு விதையைக் கொடுத்தவர். அங்கே ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காது.

"அந்தம்மாவா வேணான்னு சொல்லப் போவுது? சம்மதம்னு போடு. இல்லியா, பேர எடுத்துடு."

"கேக்காம சம்மதம்னு எப்டி சார் போடறது? பேர எடுத்தா வெத எங்கேர்ந்து வந்துச்சாம், வானத்துலேர்ந்தா?"

"அப்பிடியே உங்கப்பன்!" என்றார் ஜெயப்பிரகாஷ். சிரிக்க வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விதை கொடுத்தவருக்குக் கட்டுரையின் சாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் மாயவன் எதையும் அனுப்பியதில்லை. இந்த முறையும் அச்சடித்து வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம போயி ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேன்" என்றார். ஞாயிறுக்கு அவர் இல்லை.

கவர் லெட்டரில் மூன்றாவது வரி காலியாகவே இருந்தது. எழில்மதி வெள்ளிமலைக்கு நாளைக் காலை முதல் பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டு வந்தாள். தமிழில் அச்சடித்த அந்தத் தாள் அப்பாவின் வண்டிப் பெட்டியில், மழைக்கோட்டுக்கு அடியில் மடித்தபடி கிடந்தது.