மெர்சி கைவைக்காத எண்

மெர்சிக்கு எங்கள் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர் என்று பெயர். வல்லம் வடகாலில், கார்களுக்கு ஸ்டீயரிங் பாகம் செய்கிற கம்பெனி. ஃபைலுக்கு எண் போடுவது, பழைய நகலைத் திரும்ப வாங்கிக் கிழிப்பது என்றுதான் வேலைக்குச் சேரும்போது சொன்னார்கள். நடப்பில், இந்தக் கட்டடத்தில் யாருடைய இங்கிலீஷ் தடுக்கி விழுந்தாலும் தூக்கி நிறுத்துவது அவள்தான். சுங்குவார்சத்திரத்துக்காரி, பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். டீச்சராகப் போகவேண்டியவளை ஃபேக்டரி இழுத்துக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

பக்கத்து மேசை நான், சுகப்பிரியா. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. மெர்சி ஒரு ரிப்போர்ட்டைத் திருத்துகிற அழகைப் பார்த்தால் இருக்கிற பொறுமையும் போய்விடும். முதலில் ஒரு வார்த்தையையும் தொடமாட்டாள். பிரிண்ட் எடுத்து, அதில் இருக்கிற எண், பெயர், தேதி எல்லாவற்றிலும் மஞ்சள் மை தீட்டுவாள். ‘இருக்கலாம்’, ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அதற்கும் மஞ்சள்தான். பிறகு மஞ்சளைத் தவிர எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவாள். கடைசியில் புதியதிலும் மஞ்சள் தீட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். மஞ்சக்காமாலை என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரிப்பாள், ஆனால் பேனாவை மூடமாட்டாள்.

அன்றைக்கு வந்தது மணிகண்டபிரபுவின் ரிப்போர்ட். கோவில்பட்டிப் பையன், குவாலிட்டியில் சேர்ந்து வருஷம் ஆகவில்லை. நாங்கள் அனுப்பிய ஸ்டீயரிங் ஆர்மில் விரிசல் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் பீஸ்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். காரணத்தைத் தேடுகிற வேலை இவனுக்கு. நாய் மாதிரி அலைந்து கண்டுபிடித்தான். எழுதும்போதுதான் வினை. முடிவு கடைசிப் பக்கத்தில், நடந்தது நடுவில், மூச்சு விடாமல் அரைப்பக்கத்துக்கு ஓடுகிற வாக்கியங்கள். ‘விசாரணை தெளிவாக இல்லை’ என்று வாடிக்கையாளர் அப்படியே திருப்பிவிட்டார். மாலை நான்கு மணிக்கு வீடியோ மீட்டிங். அதற்குள் சரியாக வராவிட்டால் விசாரணையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக எங்கள் மேனேஜர் நடேசன் சொல்லிவிட்டார். அவனுடைய வேலை நிரந்தரமாவதும் இதில்தான் தொங்கியது.

மெர்சி உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் அவள் விரல்கள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க உற்சாகம் தொற்றிக்கொண்டது. முடிவைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்தாள். நடந்ததை நேர வரிசையில் அடுக்கினாள். ஒரு வாக்கியத்தை நான்காக்கினாள். உள்ளே புதைந்து கிடந்த கதை மேலே வந்தது. உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்த ஆர்மை உடனே இன்னொரு உலையில் மிதமாகச் சூடாக்கவேண்டும். அன்றைக்கு கரண்ட் போனதால் ஒரு கூடை ஆர்ம் அப்படியே காத்துக் கிடந்திருக்கிறது. விரிசல் அதனால் வந்திருக்கலாம், சோதித்துப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தான்.

அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. இதனால்தான் என்று அடித்துச் சொன்னால் வாடிக்கையாளர் நம்புவாரே என்றேன்.

“அவன் எவ்ளோ நம்புறானோ அவ்ளோதான் நான் எழுத முடியும்” என்றாள் மெர்சி, தலையைத் தூக்காமல்.

அப்போதுதான் அந்த எண். முதல் பக்கத்தில் விரிசல் விட்ட பீஸ் ஐந்து. எட்டாம் பக்கத்தில் ஆறு. இரண்டும் மஞ்சளில் பளிச்சென்று முறைத்தன. நடேசன் சார் வந்து எட்டிப் பார்த்தார்.

“அஞ்சுதாம்மா. அவங்க அனுச்சதே அஞ்சு. டைப் பண்ணச் சொல்ல தப்பா அட்ச்சிருப்பான். மாத்திடு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வந்த பெட்டியைப் பிரித்தபோது நானும் பார்த்தேன், ஐந்துதான். நானாக இருந்தால் அந்த நொடியே மாற்றியிருப்பேன். மெர்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எழுதினவனைக் கேட்காமல் மாற்றமாட்டேன் என்றாள். நேரமில்லை என்றார் சார். அப்படியென்றால் இரண்டு எண்ணும் இப்படியே போகட்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுகிறேன் என்றாள். சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மணிகண்டபிரபு ஃபினிஷ்டு குட்ஸ் ஸ்டோரில், இன்னும் அனுப்பாத சரக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போனை எடுத்துப் போக விடமாட்டார்கள், எல்லாம் கேட் லாக்கரில் கிடக்கும். ஆகவே நான் ஓடினேன். செருப்போடு விடமாட்டேன் என்று செக்யூரிட்டி மறித்தார். அங்கே கழற்றி வைத்திருந்த யாருடைய சேஃப்டி ஷூவிலோ காலை விட்டேன். இரண்டு கால் போகும் அதில். தடதடவென்று நான் ஓடியதை அசெம்பிளி லைனே நிமிர்ந்து பார்த்தது. வெட்கமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவனிடம் கேட்டேன், ஐந்தா ஆறா என்று.

“ரெண்டும் சரிதான்க்கா. அவுக அனுப்புனது அஞ்சு. ஒண்ணு நம்ம ஸ்டோர்லயே கெடந்துச்சு, அவுக ரிப்போர்ட்ட திருப்புனதுக்கப்புறம், நேத்து சாயந்தரம்தான் பாத்தேன். போட்டோவுக்குக் கீழ எழுதியிருக்கேம்லா.”

எனக்குப் புல்லரித்தது. எங்கள் கேட்டைத் தாண்டாத பீஸிலும் விரிசல் இருக்கிறது. அப்படியென்றால் கப்பலில் அடிபட்டதாலோ, வாடிக்கையாளர் மாட்டும்போது முறுக்கியதாலோ வந்ததில்லை. இங்கேயே வந்தது. அவன் விசாரணைக்கு முதுகெலும்பே அந்த ஆறாவது பீஸ்தான். அதைத்தான் தட்டச்சுப் பிழை என்று அழிக்கப் பார்த்தோம்.

அவனையே இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். போட்டோவுக்குக் கீழே, பிரிண்டில் விழாமல் போயிருந்த அவனுடைய பொடி எழுத்து வரியை மெர்சி ஃபைலில் தேடி எடுத்து அவனிடம் காட்டினாள். இதுதானே, இவ்வளவுதானே, கூட ஏதாவது சொல்கிறேனா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஐந்து வாடிக்கையாளரிடமிருந்து, ஒன்று எங்கள் ஸ்டோரிலிருந்து, மொத்தம் ஆறு. அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு மஞ்சளுக்கு மஞ்சள் ஒத்துப் பார்த்தாள். நான்கு அடிக்கப்போகிறது, இந்த அம்மாள் மை தீட்டிக்கொண்டிருக்கிறாளே என்று நான் பல்லைக் கடித்தேன்.

ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. மீட்டிங் அறையில் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். திரையில் அந்தப் பக்கத்துப் பெண் எஞ்சினியர் படித்துக்கொண்டே போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, இதை எழுதியவர் யார், அவரே விளக்கட்டும் என்றார்.

நடேசன் சார் மைக்கை நோக்கி நகர்ந்தவர், நின்றார். மணிகண்டபிரபுவைப் பார்த்துத் தலையசைத்தார். இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வியர்ப்பவன் அவன். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேசினான். மெர்சி போட்ட வாக்கியங்கள் சின்னவை, அவன் வாய்க்குள் அடங்குபவை. ஒவ்வொன்றிலும் இருந்தது அவன் பார்த்தது, அவன் தொட்டது. கரண்ட் போனது, கூடை காத்துக் கிடந்தது, ஸ்டோரில் ஆறாவது பீஸ் கிடைத்தது. காரணம் உறுதியா என்று அந்தப் பெண் கேட்டார். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், வேண்டுமென்றே ஒரு கூடையைக் காக்கவைத்துச் சோதிக்கவேண்டும், அதன் பிறகுதான் உறுதி என்றான். அப்படியென்றால் அந்தச் சோதனையையும் நீங்களே செய்யுங்கள், முடிவை உங்களிடமிருந்தே எதிர்பார்க்கிறேன் என்றார் அவர்.

அறையில் யாரோ கைதட்டினார்கள். நான்தான் என்று நினைக்கிறேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் மெர்சியிடம், பேசும்போது தாளையே பார்க்கவில்லை என்று அதிசயப்பட்டான். இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டாக ஆக்கிவிட்டீர்களே என்றான்.

“இங்கிலீஷ்தாம்பா என்னுது. பார்த்ததெல்லாம் நீ. அப்புறம் இன்னாத்துக்குத் தாளு?” என்றாள் மெர்சி.